பழைய ஓவியத்தின் அடியில் இருப்பதை வாசிப்பது எப்படி: அகச்சிவப்பு, எக்ஸ்ரே படங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ரேயும் அகச்சிவப்புப் படமும் ஓவியத்தின் "அடியில் இருப்பதை" காட்டுவதில்லை. எக்ஸ்ரே, கனமான உலோகம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. அகச்சிவப்பு, கரி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. அது அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா, கேன்வாஸின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதியாதவர்கள்தான் எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் "உள்ளே இன்னொரு முகம்!" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

பெங்களூரில் பழைய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலிருந்து பழுதுபார்க்க வரும் படங்களில் தஞ்சாவூர் ஓவியங்களும் உண்டு, கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த உருவப்படங்களும் உண்டு. இங்கே எண்ணெய் வண்ண உருவப்படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓவியர் நடுவில் மனம் மாறியதும், பிற்காலத்தில் வேறொருவர் கைவைத்ததும் அதில்தான் அதிகம் கிடைக்கும். தஞ்சாவூர் படத்தில் தங்க ரேக் ஒட்டிய இடத்தை அகச்சிவப்பு ஊடுருவாது, அதனால் அது வேறு கதை.

விளக்கை அணைப்பதற்கு முன்

முதலில் சாதாரண வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பின்பக்கம் மிக முக்கியம். மரச் சட்டம், குறுக்குக் கட்டை, ஆணிகள், ஒட்டுத்துணி, பழைய லேபிள், கிழிசலுக்குப் போட்ட ஒட்டு எல்லாமே எக்ஸ்ரேயில் முன்பக்க ஓவியத்தோடு ஒன்றாகக் கலந்து விழும். பின்பக்கப் படத்தை இடவலம் திருப்பிச் சேமித்துவையுங்கள், பிறகு எக்ஸ்ரேயின் மேல் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்து ஒரு விளக்கைப் பக்கவாட்டில், ஓவியத்தின் பரப்பை உரசுகிற மாதிரி தாழ்வாக வைத்து ஒரு படம். கீழே கெட்டியாகக் காய்ந்த வண்ணத்தின் மேடு, மேலே உள்ள உருவத்துக்குச் சம்பந்தமில்லாத திசையில் ஓடினால் அங்கே ஏதோ மாற்றம் நடந்திருக்கிறது. அந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு புற ஊதா விளக்கு, 365 நானோமீட்டர். பழைய பிசின் வார்னிஷ் அதில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வார்னிஷுக்கு மேலே பிற்காலத்தில் தடவிய வண்ணம் கருந்திட்டாகத் தெரியும். இதை ஏன் முதலிலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், எக்ஸ்ரே ஒரு மாற்றத்தைக் காட்டிய பிறகு "இதைச் செய்தது ஓவியரா, வேறு யாராவதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு எக்ஸ்ரேயில் பதில் இருக்காது. புற ஊதாப் படத்தில் பாதி பதிலாவது இருக்கும்.

அகச்சிவப்புப் படம் எடுப்பது

மனிதக் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேலே போகப் போக, பல வண்ணப்பொருள்கள் ஒளியைத் தடுப்பதை நிறுத்திவிடுகின்றன. காவி, பாதரசச் சிவப்பான ஜாதிலிங்கம், அல்ட்ராமெரின் நீலம், மெல்லிய ஈய வெள்ளை எல்லாம் ஓரளவு ஊடுருவ விடும். கரி மட்டும் விடாமல் ஒளியை விழுங்கும். அடியில் வெள்ளை அடிப்பூச்சு இருந்து, அதன்மேல் கரிக்கோலால் கோடு போட்டிருந்தால், மேலே உள்ள வண்ணத்தைத் தாண்டிப் போன ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும், கோட்டில் பட்டது திரும்பாது. அந்தக் கறுப்புக் கோடுதான் அடிவரைவு. 1960-களில் டச்சு ஆய்வாளர் வான் ஆஸ்பரன் டி போர் இந்த முறையை ஓவியங்களுக்கென்று உருவாக்கினார்.

பெரிய அருங்காட்சியகங்கள் 900 முதல் 1700 நானோமீட்டர் வரை பார்க்கும் இண்டியம்-காலியம்-ஆர்சனைடு கேமரா வைத்திருக்கின்றன. அதன் விலை சாதாரண ஸ்டுடியோவுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் சாதாரண டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சாரே 1100 வரை பார்க்கும். அதன் முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடிதான் குறுக்கே நிற்கிறது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். லென்ஸின் முன்னால் 1000 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டுங்கள். 850 ஃபில்டர் போட்டால் படம் பளிச்சென்று வரும், வேலையும் சீக்கிரம் முடியும், ஆனால் வண்ணத்தை ஊடுருவுவது குறைவு. அடிவரைவு தேடுகிறவருக்கு 1000-தான் சரி.

விளக்கு ஹாலஜனாக இருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கில் இந்த அலைநீளம் அநேகமாக இல்லவே இல்லை. படம் கறுப்பாக வருகிறதே என்று கேமராவைச் சந்தேகிக்கிறவர்கள் முதலில் விளக்கைப் பார்க்க வேண்டும். ஹாலஜனின் சூடு பழைய வண்ணத்துக்கு ஆகாது, பின்பக்கம் மெழுகு போட்டு ஒட்டுத்துணி ஒட்டிய படமானால் இன்னும் ஆகாது. இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகை கோணத்தில், ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் எரியவிட்டு அணைத்துவிடுங்கள்.

கேமரா முக்காலியில், சென்சார் ஓவியத்துக்கு இணையாக. அகச்சிவப்பில் குவியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடச் சற்றுத் தள்ளி விழும், அதனால் ஃபில்டரை மாட்டிய பிறகு திரையில் பெரிதாக்கிக் கையால் குவியுங்கள். f/8, குறைந்த ஐ.எஸ்.ஓ. ஷட்டர் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டிவரும். சிலிக்கானின் உணர்திறன் 1000-க்கு மேல் சட்டென்று விழுந்துவிடுவதுதான் காரணம். அந்த விநாடிகளில் மரத்தரையில் யாராவது நடந்தால்கூடக் கோடு இரட்டையாகத் தெரியும், அதை ஓவியரின் திருத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளுத்த வட்டம் ஒன்று விழும். வெறும் சாம்பல் நிற அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் அது லென்ஸின் குறையா, ஓவியத்தில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும்? 76 × 61 செ.மீ. படத்தை 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரே ஷாட்டில் எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறேழு பிக்சல் கிடைக்கும். கரிக்கோல் கோடு பார்க்க இது போதும். முகத்தையும் கைகளையும் மட்டும் நெருங்கிப்போய்த் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை அசைக்காமல் அதே இடத்திலிருந்து சாதாரண ஒளிப் படம் ஒன்றும் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் பிறகு ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது பெரிய தலைவலி.

எக்ஸ்ரே: யாரிடம், எவ்வளவு

இதை வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இந்தியாவில் எக்ஸ்ரே கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். பெங்களூர், டெல்லியில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் மையங்கள், மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு மையம், இப்படிப்பட்ட இடங்களில் விசாரித்தால் எங்கே எடுக்கலாம் என்று வழி சொல்வார்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 100 ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் தம் விருப்பத்துக்கு நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

நீங்கள் கருவியை இயக்கப்போவதில்லை என்றாலும், இயக்குபவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கேன்வாஸ் ஓவியத்துக்கு 20 முதல் 30 கிலோவோல்ட் போதும், மரப்பலகையில் வரைந்த படத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். மருத்துவமனையின் பொது எக்ஸ்ரே கருவிகள் பெரும்பாலும் 40-க்குக் கீழே இறங்காது. நெஞ்சுக்கூட்டுக்கு வைக்கும் அளவில் எடுத்தால் ஓவியம் முழுவதும் ஒரே சாம்பலாகத்தான் வரும், ஆணி மட்டும் அழகாகத் தெரியும். 35 × 43 செ.மீ. பதிவுத் தட்டு என்றால் 76 × 61 படத்துக்கு நான்கு தடவை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் பக்கத்துப் படத்தோடு சுமார் 10 செ.மீ. மேலேறியிருக்கும். நான்குக்கும் ஒரே அளவு, ஒரே தூரம். கருவியே வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான்கும் நான்கு சாம்பலில் வந்து நிற்கும், இணைக்கும்போது இல்லாத எல்லைக்கோடு ஒன்று முகத்தின் நடுவே ஓடும்.

படத்தை வாசிப்பது

முதல் தடுமாற்றம் கறுப்பு வெள்ளையில். அகச்சிவப்பில் கறுப்பு என்றால் அங்கே பெரும்பாலும் கரி இருக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளை என்றால் அங்கே கனமான உலோகம் இருக்கிறது. ஈயத்தின் அணு எண் 82, பாதரசத்தினுடையது 80. அதனால் ஈய வெள்ளையும் ஜாதிலிங்கச் சிவப்பும் எக்ஸ்ரேயில் பளீரென்று வெளுக்கும். துத்தநாகம் 30, டைட்டானியம் 22, அதனால் அந்த வெள்ளைகள் மங்கல்தான். காவியும் எலும்புக் கரியும் மெல்லிய பூச்சில் இருப்பதே தெரியாது. உருவம் அணிந்திருக்கும் கறுப்புக் கோட்டு எக்ஸ்ரேயில் மறைந்துபோய், அதன் அடியிலிருக்கும் வெள்ளை வேட்டி தெரிகிறதென்றால் மந்திரம் ஒன்றுமில்லை. கறுப்பு வண்ணம் எக்ஸ்ரேக்குக் கண்ணாடி மாதிரி, அவ்வளவுதான். அகச்சிவப்பிலோ அதே கறுப்புக் கோட்டு சுவர் மாதிரி நிற்கும், அதன் அடியில் எந்தக் கோடும் தெரியாது. ஒன்று குருடாகும் இடத்தில் மற்றது பார்க்கிறது. இரண்டும் வேண்டும் என்பது இதனால்தான்.

அகச்சிவப்பில் தெரிகிற எல்லாக் கறுப்பும் அடிவரைவு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பயன்பட்ட பிரஷ்யன் புளூ 1000 நானோமீட்டரில் இன்னும் நன்றாக ஒளியை விழுங்கும். நீலப் புடவையின் மடிப்பு கறுப்பாகத் தெரிவதை அடிவரைவு என்று எண்ணிவிடலாம். நிழலில் கலந்த கரி வண்ணமும் அப்படியே. சோதனை எளிது: சாதாரணப் படத்தையும் அகச்சிவப்புப் படத்தையும் GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டு அடுக்காக வைத்து, மேலடுக்கின் ஒளிபுகு அளவை மெதுவாக மாற்றிக்கொண்டே பாருங்கள். கறுப்புக் கோடு மேலே தெரியும் ஓர் உருவத்தின் விளிம்போடு முழுக்க ஒத்துப்போனால் அது பெரும்பாலும் மேல்வண்ணமே. வண்ணத்தின் விளிம்பைத் தாண்டியோ, அதற்கு உள்ளேயோ, அதோடு சம்பந்தமில்லாமலோ ஓடினால்தான் அடிவரைவு என்று சொல்ல ஆரம்பிக்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கோடு தெரியவில்லை என்பதால் கோடு இல்லை என்று ஆகாது. செங்காவிக் கட்டியால் வரைந்திருந்தால் அகச்சிவப்பில் மறைந்துவிடும். இரும்பு கலந்த எழுதுமசியும் மறைந்துவிடும். உண்மையிலேயே கோடு இல்லாவிட்டாலும், அந்தப் பகுதி பிற்காலச் சேர்க்கை என்று அர்த்தமில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் யான் வான் ஐக்கின் 1434-ஆம் ஆண்டு அர்னோல்ஃபினி ஓவியத்தில் ஆணின் பாதங்களும் கையும் அடிவரைவிலிருந்து மாறியிருப்பது அகச்சிவப்பில் தெரிகிறது. ஆனால் கால்மாட்டில் நிற்கும் நாய்க்கு அடிவரைவே இல்லை. அதை யாரோ பின்னால் ஒட்டவைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை, வான் ஐக்கே நேரடியாக வண்ணத்தில் தீட்டியதுதான் அது.

எக்ஸ்ரேயில் தேட வேண்டிய முதல் விஷயம், பின்னணி வண்ணம் எங்கே நின்றிருக்கிறது என்பது. ஓர் ஓவியர் நாற்காலியில் கை இருக்கும் என்று முடிவு செய்துவிட்டால், பின்னணியைத் தீட்டும்போது கைக்கு இடம் விட்டுச் சுற்றித் தீட்டுவார். எக்ஸ்ரேயில் பின்னணியின் தூரிகை வீச்சுகள் கையின் விளிம்பில் திரும்பும். பின்னணி கையின் அடியில் தடையில்லாமல் ஓடினால், கை பின்னால் வந்து உட்கார்ந்தது என்று அர்த்தம். காலியாக ஓர் இடம் விட்டிருக்கிறது, ஆனால் அதில் எந்த உருவமும் இல்லை என்றால், அங்கே வரவிருந்த ஒன்றை ஓவியர் கைவிட்டிருக்கிறார். உள்ளே மறைந்த முகத்தைத் தேடுவதைவிட இந்த விளிம்புகளைப் பின்தொடர்வதே அதிகம் சொல்லும். எனக்கு எக்ஸ்ரேயில் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒரு படம், மூன்று மாற்றங்கள்

மல்லேஸ்வரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கூடத்தில் தொங்கிய படம். 76 × 61 செ.மீ., கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், கையெழுத்து இல்லை, குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. வெள்ளைத் தலைப்பாகை கட்டி, கழுத்து வரை மூடிய கறுப்புக் கோட்டு போட்டு, நாற்காலியின் கைப்பிடியில் வலது கையை வைத்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சிறிய சிவப்புப் பொட்டு மட்டும். வைணவக் குடும்பம், ஆனால் நெற்றியில் திருமண் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு அது ரொம்ப நாளாகவே உறுத்தல்.

முதலில் கை. அகச்சிவப்பில் இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்று இப்போது இருக்கும் இடத்தில். மற்றொன்றின் விரல்கள் சற்றுக் கீழே, மடியில். கோடு மெல்லிசாக, திரும்பத் திரும்பத் தேடிப் போட்டது போல இருந்தது, வேறொரு படத்திலிருந்து நகலெடுத்த கோட்டின் சீரான தன்மை அதில் இல்லை. மடிக் கை ஓரளவாவது தெரிந்ததற்குக் காரணம், அந்த இடம் கோட்டுக்கு வெளியே வெளிர் வேட்டியின் மேல் விழுந்ததுதான். கறுப்புக்கு அடியில் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. எக்ஸ்ரேயில் ஒரே ஒரு கைதான், கைப்பிடியில் இருப்பது. நாற்காலிக்குப் பின்னால் உள்ள பின்னணி அந்தக் கையைச் சுற்றித் திரும்புகிறது. ஆக, மடிக் கை கரியில் வரைந்ததோடு நின்றுவிட்டது, வண்ணம் தீட்டத் தொடங்கும் முன்பே ஓவியர் மனம் மாறிவிட்டார். இதில் சந்தேகமே இல்லை.

அடுத்து கோட்டு. அகச்சிவப்பில் முழுக் கறுப்பு, ஒன்றும் சொல்வதற்கில்லை. எக்ஸ்ரேயில் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை வெளுத்த பட்டைகள் சாய்வாக இறங்கின, மடிப்பு மடிப்பாக. தோளும் மார்பின் ஒரு பகுதியும் ஈய வெள்ளை கலந்த தோல் நிறத்தில் முழுமையாக உருவாக்கப்பட்டிருந்தன. மனிதர் முதலில் வெற்று மார்பில் அங்கவஸ்திரம் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். விளிம்பைப் பார்த்தால் இன்னும் தெளிவு: பின்னணியின் வீச்சுகள் அந்த வெற்றுத் தோளின் விளிம்பில் நின்றுவிடுகின்றன. இப்போது தெரியும் கோட்டின் தோள் அதைவிட ஒரு விரற்கடை அகலம், பின்னணியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனவே பின்னணியும் முடிந்த பிறகே கோட்டு வந்தது.

யார் போட்ட கோட்டு? இங்கே எக்ஸ்ரே வாயை மூடிக்கொள்ளும். நுண்ணோக்கியில் வெடிப்புகளைப் பார்த்தோம். கோட்டின் வெடிப்பு கீழே உள்ள வெள்ளையையும் சேர்த்துப் பிளந்து இறங்கியது. கறுப்பு வண்ணம் எந்தப் பழைய வெடிப்புக்குள்ளும் வழிந்து போயிருக்கவில்லை. வண்ணம் உதிர்ந்த விளிம்புகளில் இரண்டு அடுக்குக்கும் நடுவே மஞ்சள் வார்னிஷோ அழுக்கோ தெரியவில்லை. புற ஊதாவிலும் கோட்டு மற்ற பகுதிகளோடு சேர்ந்து வார்னிஷுக்கு அடியில்தான் இருந்தது. கீழ் வண்ணம் கிழடாகி வெடிப்பதற்கு முன்பே கோட்டு தீட்டப்பட்டுவிட்டது என்பது வரை சொல்லலாம். அதே ஓவியர்தான் தீட்டினார் என்று சொல்ல முடியாது. அவரது பட்டறையில் இருந்த இன்னொருவராகவும் இருக்கலாம். "உத்தியோகம் கிடைச்சதும் கோட்டு மாட்டச் சொல்லியிருப்பார்" என்று வீட்டில் ஒரு கதை உடனே பிறந்தது. நல்ல கதைதான், ஆனால் அறிக்கையில் அது வராது.

மூன்றாவது, நெற்றி. எக்ஸ்ரேயில் அங்கே பளிச்சென்று ஒரு திருமண். நடுக்கோடும் வெளுத்தே இருந்தது, அதாவது சிவப்பு காவியில் தீட்டியதல்ல, ஜாதிலிங்கம் போலக் கனமான உலோகம் உள்ளது. அகச்சிவப்பில் ஒன்றுமே இல்லை. இருக்காது, ஏனென்றால் அதில் கரி கிடையாது. புற ஊதாவில் நெற்றியின் நடுவே ஒரு கருந்திட்டு, வார்னிஷுக்கு மேலே. நுண்ணோக்கியில் அந்தத் தோல் நிற வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் வழிந்து நிரம்பியிருந்தது. இது பிற்காலத்துக் கை, நிச்சயமாக. அந்த மேல்பூச்சு எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியவே இல்லை. மெல்லிய பூச்சு, அதிலும் ஈயம் இல்லாதது. ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளையாக இருந்தால், அது ஓவியர்கள் கைக்கு வந்ததே 1920-களில்தான் என்பதால் காலத்தையும் குறுக்கலாம். ஆனால் எக்ஸ்ரே மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து டைட்டானியம் என்று முடிவுகட்டக் கூடாது. துத்தநாகமும் மெல்லிசாகப் போட்டால் மங்கல்தான். அதைத் தனிம ஆய்வுதான் தீர்க்கும்.

ஒரு பொய் மாற்றமும் இருந்தது. இடது கன்னத்தில் கட்டைவிரல் அளவு வெள்ளைத் திட்டு. முகத்தைத் திருப்பி வரைந்திருக்கிறார் என்று நம்பும்படியான இடம். திருப்பி வைத்திருந்த பின்பக்கப் படத்தைப் பொருத்தியதும் விடை கிடைத்துவிட்டது. கேன்வாஸின் பின்னால் பழைய கிழிசலுக்கு ஒரு துணி ஒட்டு, ஈய வெள்ளையைப் பசையாக வைத்து ஒட்டியது. அதேபோல் மார்பின் குறுக்கே கிடந்த லேசான வெளுப்பு, சட்டத்தின் நடுக்கட்டை. அதன் இரு முனையிலும் ஆணி தெரிந்ததால் யாரும் ஏமாறவில்லை.

மேல்பூச்சைச் சுரண்டலாமா?

வீட்டின் மூத்த அத்தை திருமண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அப்போ மேல இருக்கிறதைச் சுரண்டி எடுத்துடலாம் இல்லையா?"

"உடனே வேண்டாம்மா. யார் பூசினாங்கன்னு தெரிஞ்சாதான் எடுக்கிற பேச்சே" என்றேன்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கிறது. டச்சு ஓவியர் வெர்மீரின், திறந்த ஜன்னலருகே கடிதம் வாசிக்கும் பெண் ஓவியத்தில், பின்சுவரில் ஒரு மன்மதன் படம் மறைந்திருப்பது 1979-ல் எக்ஸ்ரேயில் தெரிந்தது. வெர்மீரே மனம் மாறி மறைத்துவிட்டார் என்றே வெகுகாலம் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேயில் இருந்தது இரண்டு அடுக்கு என்ற தகவல் மட்டும்தான், இடையில் எத்தனை வருடம் போயிற்று என்பது அதில் இல்லை. 2017-ல் பழுதுபார்ப்பு தொடங்கிய பிறகு நுண்ணிய வண்ணத் துணுக்குகளின் குறுக்குவெட்டைப் பார்த்தபோது, மன்மதனுக்கும் அவனை மறைத்த பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும் இருந்தன. வெர்மீர் இறந்து வெகுகாலம் கழித்து வேறு யாரோ பூசியது என்று தெரிந்தது. அதன் பிறகே அதை எடுத்தார்கள். 2021-ல் மன்மதனோடு ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது.

அதே வரிசையில் நம் படத்தையும் வைத்துப் பாருங்கள். மடிக் கை ஓவியரின் முடிவு, அது கரியாக உள்ளே கிடக்கட்டும். கோட்டை எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது கிட்டத்தட்ட ஓவியத்தின் காலத்தையே சேர்ந்தது, எடுத்தால் அசலையே அழிப்பதாகும். நெற்றிப் பூச்சு மட்டும்தான் எடுக்கத் தகுந்தது. அதையும் எடுக்கும் முன் ஊசிமுனையளவு ஒரு துணுக்கு எடுத்துக் குறுக்குவெட்டில் வார்னிஷ் அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் திருமண் சேதமாகாமல் இருக்கிறதா என்பதும் கேள்வி. சில சமயம் மேல்பூச்சு போட்டதே சேதத்தை மறைக்கத்தான். எக்ஸ்ரேயில் திருமண்ணின் ஒரு கால் சற்று உடைந்து, நடுவில் கருத்த சிறு இடைவெளியோடு தெரிந்தது. அங்கே ஈய வெள்ளை உதிர்ந்திருக்கலாம்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்தப் படத்தில் பார்த்தீர்கள், எதில் பார்க்கவில்லை, எந்தச் சான்றால் ஓவியருடையது அல்லது பிற்காலத்தது என்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். கிலோவோல்ட், ஃபில்டரின் அலைநீளம், விளக்கின் வகை இவற்றையும் சேருங்கள். பத்து வருடம் கழித்து 1700 வரை பார்க்கும் கேமரா யாராவது கொண்டுவந்தால், "1000-ல் ஒன்றும் தெரியவில்லை" என்ற உங்கள் வரியை வைத்துத்தான் எங்கே மறுபடி தேட வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். அத்தையின் குடும்பம் குறுக்குவெட்டுக்குச் சம்மதித்திருக்கிறது, துணுக்கு எடுக்கும் இடமாக நெற்றிப் பூச்சின் மேல் விளிம்பைக் குறித்துவைத்திருக்கிறோம்.